வாடிவாசல் வாசிப்புத் திட்டம்: நிறைவு விழாவில் ஆசிரியர் பேசும் எட்டு நிமிடம்

செம்மண்டீச்சர்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் வகுப்பு முழுவதும் ஒரே நாவலைப் படித்தோம்: சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. சின்னப் புத்தகம், ஒரே சாயங்காலத்துக் கதை. அதனால் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிக்க முடிந்தது. முதல் முறை சத்தமாக, இரண்டாம் முறை அவரவர் நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கதையில் வரும் காளை காரி, அதை அடக்க வரும் பிச்சி, இந்தப் பேர்கள் மைதானத்திலும் கேட்கின்றன.

சனிக்கிழமை நாலு மணிக்கு நிறைவு விழா. பள்ளியில் கூடம் இல்லாததால் ஊரில் ஒரு செட்டியார் வீட்டு வளவைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். பெற்றோர் வருவார்கள், அவர்களில் பலர் நாவலைப் படித்திருக்க மாட்டார்கள். நிறைவுரை என்னுடையது, எட்டு நிமிடம். எழுதி வைத்திருப்பது இப்படித் தொடங்குகிறது:

"அன்பார்ந்த பெற்றோர்களே, என் அருமை மாணவச் செல்வங்களே! தமிழரின் வீர விளையாட்டாம் சல்லிக்கட்டின் பெருமையைப் பறைசாற்றும் ஒப்பற்ற நாவல் வாடிவாசல். புத்தகம் ஒரு நல்ல நண்பன். இந்நாவலின் வழியே நம் மாணவர்கள் வீரம், விவேகம், விடாமுயற்சி ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார்கள்..."

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கே ஒட்டவில்லை. இன்னொன்று, கதையின் முடிவை மேடையில் சொல்லலாமா?

ஏட்டிக்குப்போட்டி

நல்ல முயற்சி டீச்சர். ஒரு யோசனை: செல்லப்பா சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். 'சாகித்திய அகாதமி விருது பெற்ற வாடிவாசல்' என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பெற்றோருக்கு உடனே ஒரு மதிப்பு வரும்.

பழைய தமிழய்யா

விருது உண்மை, புத்தகம் வேறு. அகாதமி விருது 'சுதந்திர தாகம்' நாவலுக்கு, 2001-இல். செல்லப்பா 1998-லேயே காலமாகிவிட்டார். வாடிவாசலுக்கு அந்த விருது இல்லை. மேடையில் சொன்னால் முன்வரிசையில் யாராவது ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார். அவரைப் பற்றி ஒரு வரி வேண்டுமென்றால், 1959-இல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கி நடத்தியவர் என்று சொல்லுங்கள், போதும்.

இப்போது உரைக்கு வருகிறேன், டீச்சர். உங்கள் தொடக்கத்தில் 'வாடிவாசல்' இருக்கும் இடத்தில் வேறு எந்த நாவலின் பேரைப் போட்டாலும் நிற்கும்; 'சல்லிக்கட்டு' என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். வீரம், விவேகம், விடாமுயற்சி என்பது விளையாட்டு விழாவுக்கும் பொருந்தும், ஆண்டு விழாவுக்கும் பொருந்தும். ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது அதனால்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வாடிவாசல் சல்லிக்கட்டின் பெருமையைச் சொல்லும் நாவல் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பிச்சி வருவது விளையாட வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. அவன் அப்பன் அம்புலி இதே காரியிடம் குத்துப்பட்டுச் செத்தவன். ஜமீன்தாருக்கோ காரி ஒரு மாடு மட்டும் இல்லை, அவருடைய கௌரவம் அது. இரண்டு பேருடைய ரோசமும் ஒரு மிருகத்தின் மேல் வந்து மோதுகிறது. கடைசியில் பிச்சி ஜெயிக்கிறான், காளை சாகிறது, சுட்டவர் அதன் எஜமானரே. இதைப் 'பெருமையைப் பறைசாற்றும் நாவல்' என்று சொன்னால், நோட்டு நிறையக் குறிப்பெடுத்த பிள்ளைகளே உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆகவே எட்டு நிமிடத்துக்கும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி: ஜமீன்தார் ஏன் சுட்டார்?

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் நிதானமாக மேடையில் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் போகும். எட்டு நிமிடத்துக்கு எழுநூறு சொல். அதிலும் கைதட்டல், குழந்தை அழுகை, மைக் சரிசெய்வது எல்லாம் போனால் அறுநூறுதான் மிச்சம். ஆயிரம் சொல் எழுதிக்கொண்டு போகிறவர்கள் கடைசிப் பக்கத்தை ஓட்டமாக ஓட்டுவார்கள். உரையின் சிறந்த பகுதி பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

நிகழ்ச்சிநிரல்

டீச்சர், வரிசையை விட்டுவிடாதீர்கள். முதலில் தலைமையாசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், வீடு கொடுத்த குடும்பத்தார், புத்தகம் வாங்கித் தந்த நன்கொடையாளர், பிறகு மைக்செட், சுண்டல், டீ. வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்திய பிறகுதான் மற்றவர்கள் பேரைச் சொல்ல வேண்டும். யாரையாவது விட்டால் அடுத்த வருடம் வளவு கிடைக்காது.

செம்மண்டீச்சர்

ஐயா, அது நன்றியுரை. அதை இன்னொரு ஆசிரியர் பேசுகிறார். உங்கள் வரிசையை அவரிடம் அப்படியே கொடுத்துவிடுகிறேன், அவருக்குப் பயன்படும்.

தமிழய்யா சொன்ன கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பிலும் அதைத்தான் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். பதில்கள் கையில் இருக்கின்றன.

பொட்டல்காளை

டீச்சர், நம்ம சிறாவயல் மஞ்சுவிரட்டு இருக்கும்போது கதையை எதுக்குங்க மதுரைப் பக்கம் கொண்டுபோறீங்க? ரெண்டும் ஒண்ணுதானே. 'இது நம்ம சிறாவயல் கதை'ன்னு ஒரே போடாப் போடுங்க. கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டும். எங்க வீட்டுலயும் மாடு நிக்குது, அதுனால சொல்றேன்.

நூலகப்படி

பொட்டல்காளை அண்ணே, மாடு ஒன்று, ஆட்டம் ஒன்றில்லையே. சிறாவயலில் தொழுவிலிருந்து மாட்டை விடுவதும் உண்டு, அதோடு பொட்டலில் அங்கங்கே கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவதும் உண்டு. எந்த மாடு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது; பார்க்க வந்தவனும் ஆட்டத்துக்குள் மாட்டிக்கொள்வான். நாவலில் அப்படி இல்லை. ஒரே ஒரு வாசல். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு மாடாக வர வேண்டும். மாடு அணைகிறவன் அந்த வாசலருகே காத்து நிற்கிறான்.

பொட்டலில் கதை நடந்தால் இந்த நாவலே கிடையாது என்பேன். காரி எப்போது வரும், எப்போது வரும் என்று வாசகனையும் அந்த வாசலிலேயே நிறுத்திவைத்துத்தான் செல்லப்பா கதை சொல்கிறார். கதையில் வரும் ஒரு கிழவனும் பிச்சியும் அங்கே நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தப் பேச்சிலிருந்தே தெரிகிறது.

டீச்சர், உங்கள் பெற்றோர்களில் பொட்டலைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த வேறுபாட்டை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டால், நாவலைப் படிக்காதவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். 'நம் ஊரில் மாடு எந்தத் திசையிலிருந்தும் வரும். இந்தக் கதையில் ஒரே வாசல். அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே முழு நாவலும் நிற்கிறது.' இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பொட்டல்காளை

சரிங்க, அது நியாயம். கட்டுமாட்டுக்கும் தொழுமாட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா மாட்டை வச்சிருக்கவன் மனசு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

2017 சனவரி மெரினா போராட்டத்தையும் சொல்லணும்ல? 2014-ல தடை போட்டப்ப எம்புட்டு வேதனை.

பழைய தமிழய்யா

சொல்லக்கூடாது என்று சட்டம் இல்லை, தம்பி. ஆனால் அது புகுந்த உடனே கூட்டம் அந்தப் பக்கம் போய்விடும். தடை சரியா தவறா என்ற பேச்சுக்கு எல்லாரிடமும் தயாரான கருத்து இருக்கிறது. ஜமீன்தார் ஏன் சுட்டார் என்பதற்கு யாரிடமும் இல்லை. எட்டு நிமிடம் இரண்டுக்கும் போதாது.

இரண்டாம்வரிசை

முடிவைச் சொல்வது பற்றி நான் எதிர்க்கட்சி. காளை சாகிறது என்று மேடையில் சொல்லிவிட்டால், அங்கே இருக்கிற அப்பா அம்மா யாரும் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். விழாவின் நோக்கமே அவர்களைப் படிக்க வைப்பதுதானே? பிச்சி குதிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 'பிறகு என்ன ஆயிற்று? உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்' என்று சொல்லி முடிக்கலாம்.

நூலகப்படி

அது புத்தக அறிமுகக் கூட்டத்துக்கு நல்ல முடிவு. இது நிறைவு விழா. பிள்ளைகள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியது அந்தக் கடைசிப் பக்கங்களோடுதான். அதைப் பேசாமல் விட்டால் ஆசிரியர் அவர்களுடைய வேலையைப் பற்றிப் பேசவே இல்லை என்றாகிவிடும். 'உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்' என்ற வரியும் தேய்ந்துபோன வரி.

முடிவு தெரிந்தால் படிக்க மாட்டார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வள்ளி திருமணக் கூத்தில் முடிவு தெரியாதவர் யார்? விடிய விடிய உட்கார்ந்து பார்க்கவில்லையா?

இரண்டாம்வரிசை

கூத்து வேறு, நாவல் வேறு. கூத்துக்குப் போகிறவர் பாட்டுக்காகப் போகிறார். நான் என் கருத்திலேயே நிற்கிறேன்.

சுருதிப்பெட்டி

மைக்செட் வேலை பார்க்கிறவன். வளவுன்னு சொன்னதால இதைச் சொல்லியே ஆகணும்.

செட்டிநாட்டு வீட்டு வளவு பார்க்க அழகு, பேச்சுக்குக் கஷ்டம். நாலு பக்கமும் சுவர் வழுவழுன்னு சுண்ணாம்புப் பூச்சு, கீழே ஆத்தங்குடிக் கல்லோ சலவைக்கல்லோ, பத்தியில வரிசையாத் தூணு. சத்தம் எங்கேயும் உறிஞ்சாது, மோதி மோதித் திரும்பி வரும். நடுமுற்றம் வானத்தைப் பார்த்து இருக்கறதால அங்கே உட்கார்ந்தவனுக்கு ஓரளவு தெளிவாக் கேட்கும். பத்தியில உட்கார்ந்த பெரியவங்களுக்கு ஒண்ணோட ஒண்ணு குழம்பிக் கேட்கும்.

இதுல தமிழுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு டீச்சர். நம்ம வாக்கியத்துல வினை கடைசியில வருது, 'இல்லை'யும் கடைசியில வருது. பேசறவங்க பழக்கமா வாக்கியத்தோட கடைசியில குரலை இறக்குவாங்க. அந்த இடத்துலதான் முந்தின சொல்லோட எதிரொலி வந்து உக்காரும். 'அவர் கோபத்தில் சுடவில்லை'ன்னு நீங்க சொன்னா, பத்தியில இருக்கவருக்கு 'கோபத்தில் சுட'ன்னு மட்டும் போய்ச் சேரும். அர்த்தம் தலைகீழாப் போயிரும்.

அதனால வாக்கியத்தைச் சின்னதா வைங்க. கடைசிச் சொல்லை இறக்காம, அதே குரல்ல முடிச்சு, மனசுக்குள்ள ரெண்டு எண்ணிட்டு அடுத்ததைத் தொடங்குங்க. முக்கியமான இடத்துல 'இல்லை'யில முடியற வாக்கியம் வேண்டாம், நேரா என்ன நடந்ததோ அதையே சொல்லுங்க.

பாக்ஸ் விஷயம்: பெருசா ரெண்டு வச்சு அலறவிடாம, சின்னப் பாக்ஸ் ரெண்டை முன்பக்கத் தூண்ல, ஆள் உட்கார்ற உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கூட்டத்தைப் பார்த்துச் சாய்ச்சுக் கட்டச் சொல்லுங்க. கனமான சத்தத்தைக் குறைச்சு வைக்கணும், எதிரொலியில ரொம்ப நேரம் நிக்கறது அதுதான். மைக் பாக்ஸுக்கு முன்னால வந்துரக் கூடாது. வந்தா 'கூ'ன்னு கத்தும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. தரை பூரா ஜமுக்காளம் விரிங்க, அதுவே கொஞ்சம் எதிரொலியைக் குடிச்சிரும். காலையில காலி வீட்டுல சோதிச்சுப் பார்த்துட்டு அளவை முடிவு பண்ணிராதீங்க. ஆள் வந்து உக்காந்த பிறகு சத்தமே வேற மாதிரி இருக்கும்.

செம்மண்டீச்சர்

ரொம்ப உதவி அண்ணே. வினை கடைசியில் வருவதைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை.

உரையோடு ஒரு பத்தியும் வாசிக்கலாம் என்று இருக்கிறேன். நானே வாசிப்பதா, பிள்ளைகளா? எந்தப் பகுதி?

பழைய தமிழய்யா

பிள்ளைகள் வாசிக்கட்டும். நீங்கள் வாசித்தால் அது உங்கள் உரையின் இன்னொரு பகுதியாகிவிடும்.

காரி வெளியே வரும் இடத்தைத்தான் எல்லாரும் தேர்ந்தெடுப்பார்கள். அதில் விவரணை அதிகம். பழகாத குரலில் ஒரே இழுப்பாக இழுபடும். கிழவனும் பிச்சியும் பேசிக்கொள்ளும் இடத்தை எடுங்கள். இரண்டு பேர், இரண்டு குரல். கிழவன் மெல்ல மெல்ல இவன் யார் மகன் என்று பிடித்துவிடுகிற இடம். பேச்சுவழக்கில் இருப்பதால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வாயில் வரும். அரைப் பக்கம், ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் கதை தெரியாதவர்கள் யார் பேசுகிறார்கள் என்பதைத் தவறவிட்டுவிடுவார்கள், ஏனென்றால் புத்தகத்தில் பல இடங்களில் பேசுகிறவன் பேர் கூடவே வராது. கண்ணால் படிக்கும்போது சிரமமில்லை, காதுக்குச் சிரமம். இரண்டு பேரையும் மேடையின் இரண்டு ஓரத்தில் நிறுத்துங்கள்.

வழக்கை 'திருத்த' விடாதீர்கள். சில பிள்ளைகள் மேடை என்றதும் எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடுவார்கள். அதைவிட மோசம், வேண்டுமென்றே கொச்சையாக இழுத்துச் சிரிப்பு வரவழைப்பது. வீட்டில் தாத்தாவிடம் பேசுவது போலப் பேசச் சொன்னால் போதும்.

ஏட்டிக்குப்போட்டி

பேர்களோடு சாதிப் பட்டம் வருமே? நம் மாவட்டத்தில் பள்ளி மேடையில் அது ஒலிபெருக்கியில் போனால் வேறு மாதிரி ஆகும். பட்டத்தை வெட்டிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நூலகப்படி

எச்சரிக்கை சரி, வழி சரியில்லை. எழுத்தாளர் எழுதியதைச் சத்தமில்லாமல் வெட்டினால், புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை கண்டுபிடிக்கும். டீச்சர் வெட்டியது ஏன் என்பதே அடுத்த நாள் பேச்சாகும். பட்டம் வராத அரைப் பக்கத்தைத் தேடி எடுங்கள். இந்த உரையாடலில் அப்படிப்பட்ட பகுதி கிடைக்கும். கிடைக்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள், சொல்லை மாற்றாதீர்கள்.

ஏட்டிக்குப்போட்டி

பாடப்புத்தகத்திலேயே சுருக்கித்தானே போடுகிறார்கள்? அதற்கு யாரும் கேட்பதில்லையே. ஒரு சொல்லை விட்டால் நாவல் இடிந்து விழாது.

நூலகப்படி

பாடப்புத்தகத்தில் சுருக்கப்பட்டது என்று கீழே போடுவார்கள். மேடையில் அதைச் சொல்லிவிட்டு வெட்டுவதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சொன்ன பிறகு அந்தச் சொல் ஒலித்ததைவிட அதிகமாக ஒலிக்கும்.

அரிசிமாக்கோலம்

ஒருவரும் இதைக் கேட்கவில்லையே. இந்த நாவலில் பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாளா? வகுப்பில் பாதி பெண்பிள்ளைகள். வருகிறவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். மாடு, ஜமீன், ரோசம் என்று எட்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தால் அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

பழைய தமிழய்யா

நியாயமான கேள்வி. பெண் பாத்திரம் என்று சொல்லத்தக்க ஒருவரும் இல்லை. மழுப்பாமல் மேடையிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் 'அந்தக் காலத்து நாவல்' என்று சப்பைக்கட்டு கட்ட வேண்டாம்.

செம்மண்டீச்சர்

பெண்பிள்ளைகள் சிலர் வகுப்பிலேயே இதைக் கேட்டார்கள். அம்புலி செத்த வீட்டில் பிச்சியின் அம்மா என்ன நினைத்திருப்பார், மகன் இந்தச் சல்லிக்கட்டுக்குக் கிளம்பியது அவருக்குத் தெரியுமா என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்ததில் சில நன்றாக இருக்கின்றன.

எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன். வரவேற்பு வரியையும் பரிசு அறிவிப்பையும் விட்டுவிட்டு உரையின் உடலை மட்டும் போடுகிறேன்:

"இந்த வளவில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு மாட்டைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அதனால் நான் மாட்டைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நம் ஊர்ப் பொட்டலில் மாடு எந்தத் திசையிலிருந்தும் வரும். எங்கள் பிள்ளைகள் படித்த கதையில் ஒரே வாசல். அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே முழு நாவலும் நிற்கிறது. வாசலருகே பிச்சி என்று ஓர் இளைஞன் காத்திருக்கிறான். அவன் அப்பா அம்புலி, காரி என்ற காளையிடம் குத்துப்பட்டு இறந்தவர். இன்று அதே காரி வருகிறது. அது இப்போது ஜமீன்தாரின் காளை. அதை யாரும் தொட்டதில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

பிச்சி காரியை அணைகிறான். ஜெயிக்கிறான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். செல்லப்பா முடிக்கவில்லை. ஜமீன்தார் பிச்சியிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறார். காரி வெறிகொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறது. ஜமீன்தார் துப்பாக்கியை எடுத்துத் தன் காளையைத் தானே சுடுகிறார்.

ஏன் சுட்டார்? பேர் போடாமல் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் ஒரே பதில்: காளை இன்னும் பலரைக் குத்தும், ஆளைக் காப்பாற்றச் சுட்டார். அடுத்த பதில்: தோற்ற காளை தன் கொட்டிலில் நிற்பதை அவரால் பார்க்க முடியாது. மூன்றாவது பதில் ஒரே ஒரு தாளில் இருந்தது: 'பிச்சியைச் சுட முடியாது. அதனால் மாட்டைச் சுட்டார்.'

பதில் எழுதியாயிற்று. அடுத்து ஒரு விதி வைத்தேன். உங்கள் பதிலுக்கு ஆதாரமாகப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்ட வேண்டும். முதல் பதில்காரர்களுக்கு வரி உடனே கிடைத்தது. காளையின் வெறி பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டாம் பதில்காரர்கள் பின்னால் போக வேண்டியிருந்தது. காளையைப் பற்றி ஜமீன்தார் முன்பு எப்படிப் பேசினார், எப்படிப் பார்த்தார் என்று தேடினார்கள். இரண்டாம் முறை வாசித்ததன் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் பதிலுக்கு நேரான வரி கிடைக்கவில்லை. அந்தத் தாளை நான் அடிக்கவும் இல்லை, சரி என்று குறிக்கவும் இல்லை.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதையில் பெண்கள் பேசுவதே இல்லை. அம்புலியின் மனைவி எங்கே என்று கேட்டார்கள். புத்தகத்தில் பதில் கிடைக்காததால் அவர்களே ஒரு பக்கம் எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் இடதுபக்கத் தூண்களில் ஒட்டியிருக்கின்றன. இப்போது கிழவனாகவும் பிச்சியாகவும் இரண்டு பேர் வாசிக்கிறார்கள்."

பழைய தமிழய்யா

இது வேறு உரை, டீச்சர். துப்பாக்கி வரி கூட்டத்தை நிமிர வைக்கும். 'இரண்டாம் முறை வாசித்ததன் பலன்' என்ற வரியை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். எந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லைப் பிடித்தார்கள் என்று ஒரே ஒரு எடுத்துக்காட்டு கொடுங்கள். வாசிப்பு எப்படி நடக்கிறது என்று பெற்றோர் கண்ணால் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

இருநூறு சொல்லுக்கும் கொஞ்சம் மேல்தான் வருகிறது. வாசிப்பு ஒன்றரை நிமிடம், வரவேற்பு, பரிசு எல்லாம் சேர்த்தாலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள்.

அரிசிமாக்கோலம்

'அம்புலியின் மனைவி எங்கே' என்ற வரி எனக்குப் போதும். ஒட்டிய பக்கங்களை எல்லாரும் படிக்கிற உயரத்தில் ஒட்டுங்கள். அந்தத் தூண்கள் நல்ல வழவழப்பு. செலோடேப் வைத்தால் பாலிஷ் உரிந்து வந்துவிடும், வீட்டுக்காரர் கோபப்படுவார். தூணைச் சுற்றி நூல் கட்டி, அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

நூலகப்படி

மூன்றாவது தாள் பற்றி ஓர் எச்சரிக்கை. பேர் போடாமல் எழுதியது என்கிறீர்கள், ஆனால் 'ஒரே ஒரு தாள்' என்றதும் வகுப்பு முழுக்க யார் எழுதியது என்று திரும்பிப் பார்க்கும். எழுதிய பிள்ளைக்குப் பெருமையாகவும் இருக்கலாம், சங்கடமாகவும் இருக்கலாம். கையெழுத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னாடியே தனியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் 'சில தாள்களில்' என்று மாற்றிவிடுங்கள். உரைக்கு ஒன்றும் குறையாது.

இரண்டாம்வரிசை

நல்ல உரைதான். இருந்தாலும் முடிவைச் சொல்லிவிட்டீர்கள். படிக்காத ஓர் அப்பாவாக நான் அங்கே உட்கார்ந்திருந்தால், கதை தெரிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவேன்.

பொட்டல்காளை

நான் அந்த அப்பாவா இருந்தா, எந்த மனுசனாவது தான் வளர்த்த மாட்டைச் சுடுவானான்னு பாக்கவே புத்தகத்தைக் கேப்பேன். எங்க மாடெல்லாம் தோத்துட்டு வந்தாலும் வீட்டுல மஞ்சத்தண்ணி ஊத்தித்தான் கட்டுவோம். அந்த மூணாவது தாளு எழுதுன பிள்ளை சொன்னதுல விஷயம் இருக்குங்க. ஆனா வரி இல்லைன்னா இல்லைதானே, டீச்சர் செஞ்சது சரி.

நிகழ்ச்சிநிரல்

நன்றியுரைக்காகச் சொன்னதை நிறைவுரைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரிசை விஷயத்தில் ஒன்று இருக்கிறது. பரிசளிப்பை முதலில் வைத்து நிறைவுரையைக் கடைசியில் வைத்தால், பரிசு வாங்கிய பிள்ளையின் குடும்பம் கிளம்பிவிடும்; கடைசி பஸ்ஸும் காரணமாகிவிடும். சிறப்பு விருந்தினர், அப்புறம் டீச்சர் உரை, வாசிப்பு, அதற்கப்புறம் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். விருந்தினர் பேச்சு நீளும், அதற்கு யாரும் தடைபோட முடியாது. அதனால் அவருக்கு முன்னால் உங்கள் உரையை வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

செம்மண்டீச்சர்

விருந்தினருக்கு முன்னால் ஆசிரியர் பேசுவதைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். மூன்றாம் தாள் எழுதிய பிள்ளையிடம் நாளைக்கே பேசுகிறேன்.

சுருதிப்பெட்டி

டீச்சர், வாசிக்கிற ரெண்டு பிள்ளைங்களும் மேடையோட ரெண்டு ஓரம்னு தமிழய்யா சொன்னாரே, அப்ப ஒரு மைக் பத்தாது. ரெண்டு மைக் கேளுங்க. ஒண்ணைக் கை மாத்தி வாசிச்சா ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவுல 'டொக்' 'டொக்'னு சத்தம் வரும். ரெண்டு ஸ்டாண்டும் பிள்ளைங்க உயரத்துக்கு முன்கூட்டியே இறக்கி வச்சிருக்கச் சொல்லிருங்க.